மாதக் கடைசி + 30 நாள்: பணம் வர வேண்டிய தேதியைக் கணக்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்டரில் "மாதக் கடைசி + 30 நாள்" என்று போட்டிருக்கிறார்கள். ஜனவரி 12 பில்லுக்கு என்றைக்குப் பணம் வர வேண்டும்?

2026-ஆம் ஆண்டு பில் என்றால் மார்ச் 2. கணக்கில் இரண்டே படி. முதலில் பில் தேதியை அது விழுந்த மாதத்தின் கடைசி நாளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஜனவரி 1-இல் போட்ட பில்லும் 12-இல் போட்ட பில்லும் 31-இல் போட்ட பில்லும் இந்தப் படியில் ஜனவரி 31 என்ற ஒரே தேதிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் 30 நாளை எண்ணத் தொடங்க வேண்டும். பிப்ரவரியில் 28 நாள் போய்விடுகிறது, மீதி 2 நாள் மார்ச்சில். ஆகவே மார்ச் 2.

இந்தக் கெடுவுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. எண்ணிக்கை எப்போதும் ஒரு மாதத்தின் 1-ஆம் தேதியில் தொடங்குவதால், முதல் நாள் 1-ஆம் தேதி, பத்தாம் நாள் 10-ஆம் தேதி, முப்பதாம் நாள் 30-ஆம் தேதி. விரல் விட்டு எண்ணவே வேண்டாம். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 30-ஆம் தேதி என்று எழுதிவிடலாம். மார்ச் பில் எல்லாம் ஏப்ரல் 30, ஏப்ரல் பில் எல்லாம் மே 30, ஜூலை பில் எல்லாம் ஆகஸ்ட் 30, டிசம்பர் பில் எல்லாம் அடுத்த ஆண்டு ஜனவரி 30. பிப்ரவரியில் 30-ஆம் தேதி கிடையாது என்பதால் ஜனவரி பில் மட்டும் விலகி நிற்கும். சாதாரண ஆண்டில் அது மார்ச் 2, லீப் ஆண்டில் மார்ச் 1.

பில் தேதியையும் சேர்த்து எண்ணணுமா, விட்டுவிட்டு எண்ணணுமா?

விட்டுவிட்டுத்தான். தொடங்கும் நாள் பூஜ்யம், அதற்கு மறுநாள் ஒன்று. மாதக் கடைசிக் கெடுவில் தொடங்கும் நாள் என்பது மாதத்தின் கடைசி நாள். மார்ச் 31 பூஜ்யம், ஏப்ரல் 1 ஒன்று, ஏப்ரல் 30 முப்பது. அந்த முப்பதாவது நாள் முழுவதும் கெடுவுக்குள் அடங்கும். ஏப்ரல் 30 மாலையில் பணம் வந்தாலும் அது தாமதம் இல்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பின்புலம் இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 9-ஆம் பிரிவில், "இந்த நாளிலிருந்து" என்று சொன்னால் அந்த முதல் நாளை விலக்க வேண்டும், "இந்த நாள் வரை" என்று சொன்னால் அந்தக் கடைசி நாளைச் சேர்க்க வேண்டும் என்கிறது. நேரடியாக அது மத்தியச் சட்டங்களில் வரும் சொற்களுக்கான விதி. ஆனாலும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை வணிகக் கெடுக்களையும் இதே முறையில்தான் எண்ணுவது வழக்கம். "பில் தேதி உட்பட 30 நாள்" என்று எழுதியிருந்தால் மட்டும் ஒரு நாள் முன்னால் வரும். "உட்பட" என்ற அந்தச் சொல் ஆர்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மார்ச் 2-ஆம் தேதி வர வேண்டியது 5-ஆம் தேதி வந்தது. எத்தனை நாள் தாமதம்?

மூன்று நாள். வந்த தேதியிலிருந்து கெடு தேதியைக் கழித்தால் போதும். 2-ஆம் தேதியையும் சேர்த்து நான்கு என்று எண்ணினால், கெடு நாளையே தாமதமாகக் கருதியதாகிவிடும். வட்டிக் கணக்குப் போட்டுக் கடிதம் அனுப்பும்போது இந்த ஒரு நாள் பிசகினாலே எதிர்த் தரப்பு முழுக் கணக்கையும் சந்தேகிக்கத் தொடங்கும்.

30 நாள் என்றால் ஒரு மாசம்தானே? பிப்ரவரி 28-ஆம் தேதி கொடு என்று கேட்கக் கூடாதா?

எழுதியிருப்பது 30 நாள் என்றால் கேட்க முடியாது. நாள் என்று எழுதினால் நாளை எண்ண வேண்டும், மாதம் என்று எழுதினால் நாள்காட்டியின் மாதத்தை எடுக்க வேண்டும். ஜனவரி பில்லுக்கு "மாதக் கடைசி + 30 நாள்" மார்ச் 2-இல் போய் நிற்கும். "மாதக் கடைசி + 1 மாதம்" பிப்ரவரி 28-இல் நின்றுவிடும்.

பிப்ரவரி பில்லில் இது திரும்பி விழும். பிப்ரவரி 28-உடன் 30 நாள் சேர்த்தால் மார்ச் 30. ஒரு மாதம் சேர்த்தால், 28-க்கு 28 என்று எடுப்பவர் மார்ச் 28 என்பார், கடைசிக்குக் கடைசி என்று எடுப்பவர் மார்ச் 31 என்பார். "மாதம்" என்ற சொல் எளிமையாகத் தெரிந்தாலும் மாதக் கடைசியில் தொடங்கும்போது இப்படி இரண்டு பொருள் தரும். நாளில் இந்தக் குழப்பமே இல்லை. எழுதும் உரிமை உங்கள் கையில் இருந்தால் நாளாகவே எழுதுங்கள்.

ஒருவர் "மாதக் கடைசி + 30 நாள்" என்கிறார், இன்னொருவர் "30 நாள் + மாதக் கடைசி" என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பணம் வராத சண்டைகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் முறையில் மாதக் கடைசிக்குப் போய்விட்டு அதன் பிறகு 30 நாள் சேர்க்கிறோம். இரண்டாவது முறையில் பில் தேதியுடன் 30 நாளைச் சேர்த்துவிட்டு, அது விழும் மாதத்தின் கடைசிக்குப் போகிறோம். பெரும்பாலான தேதிகளில் விடைகள் ஒட்டியே வரும். மார்ச் 10 பில்லை எடுத்துக்கொண்டால் முதல் முறைப்படி ஏப்ரல் 30. இரண்டாவது முறைப்படி 30 நாள் கழித்து ஏப்ரல் 9, அந்த மாதக் கடைசி ஏப்ரல் 30. இரண்டும் ஒன்றே. ஏப்ரல் 10 பில்லுக்கு முதல் முறைப்படி மே 30, இரண்டாவது முறைப்படி மே 31. ஒரு நாள்தானே என்று யாரும் பேச மாட்டார்கள். பல மாதம் இப்படியே ஓடுவதால், இரு தரப்பும் ஒரே கணக்கைத்தான் போடுகிறோம் என்று நம்பிவிடுவார்கள்.

ஜனவரிக் கடைசியில் குட்டு உடையும். 2026 ஜனவரி 29 பில்லுடன் 30 நாள் சேர்த்தால் பிப்ரவரி 28, அது மாதக் கடைசியேதான். அங்கேயே நின்றுவிடும். மறுநாள் ஜனவரி 30-இல் போட்ட பில்லுடன் 30 நாள் சேர்த்தால் மார்ச் 1. அந்த மாதக் கடைசி மார்ச் 31. பில் தேதி ஒரு நாள் தள்ளியதற்குப் பணம் 31 நாள் தள்ளிப் போகிறது. முதல் முறைப்படி இந்த இரண்டு பில்லுக்கும் மார்ச் 2 தான். நீங்கள் மார்ச் 2-இல் எதிர்பார்த்த பணத்தை வாங்குபவரின் கணக்கு மார்ச் 31-இல் வைத்திருக்கும், அவர் தரப்பில் அது தவறும் அல்ல.

மாதக் கடைசி என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி "இ.ஓ.எம். 30", "30 நாள் இ.ஓ.எம்." என்று எழுதும் ஆர்டர்களில் எது முந்தி என்று சொல்லவே முடியாது. சொல் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறதோ அதே வரிசையில்தான் கணக்கிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஜனவரி 31 தேதியிட்ட ஒரு மாதிரி பில்லுக்கு என்ன தேதி வரும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 2 என்றால் முதல் முறை, மார்ச் 31 என்றால் இரண்டாவது முறை. மற்ற மாதங்களின் பெரும்பாலான தேதிகளைக் கேட்டால் இவ்வளவு தெளிவாகப் பிரியாது.

பிரான்ஸ் பையர் "45 நாள், மாதக் கடைசி" என்கிறார். அது எந்த முறை?

திருப்பூரிலிருந்து அந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். பிரான்சின் வணிகச் சட்டத் தொகுப்பில் எல்.441-10 என்ற பிரிவு, பில் தேதியிலிருந்து 60 நாள்தான் கெடுவின் உச்சம் என்கிறது. அதற்கு மாற்றாக, ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதினால், மாதக் கடைசியோடு சேர்ந்த 45 நாளையும் அனுமதிக்கிறது. அதை எப்படி எண்ணுவது என்பதில் இரண்டு வழியும் அங்கே ஏற்கப்படுகிறது. மார்ச் 10 பில்லுக்கு, மாதக் கடைசிக்குப் போய் 45 நாள் சேர்த்தால் மே 15. முதலில் 45 நாள் சேர்த்தால் ஏப்ரல் 24, அதன் மாதக் கடைசி ஏப்ரல் 30. இரண்டுக்கும் நடுவே 15 நாள். சட்டமே இரண்டையும் ஏற்கும்போது, எந்த வழி என்பதை ஒப்பந்தத்தில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

சரக்கு 31-ஆம் தேதி தயாராகிவிடுகிறது. அன்றைக்கே பில் போடுவதா, நிதானமாக 1-ஆம் தேதி போடுவதா?

அன்றைக்கே அனுப்பி, அன்றைக்கே பில் போடுங்கள். மார்ச் 31 பில்லுக்கு ஏப்ரல் 30-இல் பணம், அதாவது 30 நாள். ஏப்ரல் 1 பில்லுக்கு மே 30-இல் பணம், அதாவது 59 நாள். ஓர் இரவு காத்திருந்ததற்கு ஒரு மாதம் கூடுதலாகக் கடன் கொடுத்ததாகிறது.

இந்தக் கெடுவில் 30 நாள் என்பது பெயருக்குத்தான். 31 நாள் மாதத்தின் 1-ஆம் தேதி பில்லுக்கு 60 நாள், 15-ஆம் தேதி பில்லுக்கு 46 நாள், கடைசி நாள் பில்லுக்கு 30 நாள். மாதம் முழுக்கச் சீராக பில் போடுகிறவருக்குச் சராசரியாக 45 நாள் பணம் வெளியே நிற்கும். விலை சொல்லும்போது 30 நாள் வட்டியைக் கணக்கில் வைத்துச் சொன்னால் அரை மாத வட்டி கையை விட்டுப் போகும்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். சரக்கு போகாமல் பில் தேதியை மட்டும் முன்னால் போடுவது தவறு. ஜி.எஸ்.டி., இ-வே பில், வாங்குபவரின் வரவுப் பதிவு எல்லாவற்றிலும் அது இடிக்கும். நகர்த்த வேண்டியது லாரி கிளம்பும் நாளை.

எங்கள் கணக்கில் மார்ச் 2, அவர்கள் கணினியில் மார்ச் 30. பில் ஒன்றுதான், முறையும் ஒன்றுதான். எப்படி?

அடிப்படைத் தேதி வேறாக இருக்கும். நீங்கள் ஜனவரி 30-இல் பில் போட்டிருப்பீர்கள். சரக்கோடு போன பில்லை அவர்கள் அலுவலகத்தில் பிப்ரவரி 2-இல் பதிந்திருப்பார்கள். பதிந்த தேதியை அடிப்படையாக எடுத்தால் மாதக் கடைசி பிப்ரவரி 28, அதோடு 30 நாள் மார்ச் 30. மூன்று நாள் தாமதமாகப் பதிந்ததில் பணம் 28 நாள் தள்ளிவிட்டது. பில் மாத எல்லையைத் தாண்டினால் மட்டுமே இது நடக்கும். ஜனவரி 12 பில்லை 15-இல் பதிந்தால் ஒரு நாள்கூட மாறாது. மாதத்தின் கடைசி வாரத்துப் பில்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் பிந்துகின்றன என்றால் காரணம் இதுதான் என்று கண்டுகொள்ளலாம்.

எஸ்.ஏ.பி. வைத்திருக்கும் நிறுவனங்களில் இதற்குப் பேஸ்லைன் தேதி என்று பெயர். கெடுவை அமைக்கும்போது அது பில் தேதியா, பதிவுத் தேதியா, உள்ளிட்ட தேதியா என்று அவர்கள் தேர்வு செய்திருப்பார்கள். மாதக் கடைசிக்கு நகர்த்த நிலையான நாளாக 31 என்று கொடுத்து, அதன் மேல் 30 நாள் வைப்பார்கள். 30 நாள் மாதத்தில் அது தானாகவே 30-ஐ எடுத்துக்கொள்ளும். அவர்களிடம் பேசும்போது "எப்போது பணம் போடுவீர்கள்" என்று கேட்பதைவிட "இந்தப் பில்லின் பேஸ்லைன் தேதி என்ன" என்று கேட்டால் ஒரே பதிலில் சிக்கல் வெளிப்பட்டுவிடும். வேறு சிலர் சரக்கு இறங்கி ஜி.ஆர்.என். போட்ட தேதியை எடுப்பார்கள். ஆர்டரில் அப்படி எழுதியிருந்தால் அதுவும் செல்லும். எழுதாமல் செய்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நாங்கள் உதயம் பதிவு உள்ள சிறு நிறுவனம். 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்கிறார்களே, இந்தக் கெடு அதோடு ஒத்துப்போகுமா?

பாதி மாதத்துக்கு ஒத்துப்போகும், பாதி மாதத்துக்குப் போகாது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, அதன் 15-ஆம் பிரிவில், எழுத்து மூலம் எந்தக் கெடுவை ஒப்புக்கொண்டாலும் அது சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. இது குறு, சிறு நிறுவனங்கள் விற்கும்போது பொருந்தும். நடுத்தர நிறுவனத்துக்குப் பொருந்தாது.

கோவையில் பம்ப் உதிரி செய்யும் ஒரு பட்டறை 2026 மார்ச் 3-இல் பில் போட்டு அன்றே சரக்கை இறக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி + 30 நாள் என்றால் ஏப்ரல் 30. இடையில் 58 நாள். சட்டப்படி எண்ணினால் மார்ச் 3 பூஜ்யம், மார்ச் 31-க்குள் 28 நாள், மீதி 17 நாள் ஏப்ரலில். ஆகவே ஏப்ரல் 17-ஐத் தாண்டக் கூடாது. ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்க வேண்டாம். இந்த 45 நாள் உச்சவரம்பை ஒப்பந்தத்தால் நீட்ட முடியாது. தாமதமானால் 16-ஆம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும்.

எந்தத் தேதிச் சரக்கு வரம்புக்குள் வரும் என்பதை ஒரு கழித்தலில் பார்த்துவிடலாம். மாதத்தின் நாள்களிலிருந்து 15-ஐக் கழியுங்கள். 31 நாள் மாதத்தில் 16-ஆம் தேதி முதல், 30 நாள் மாதத்தில் 15-ஆம் தேதி முதல், 28 நாள் பிப்ரவரியில் 13-ஆம் தேதி முதல் ஏற்ற சரக்குக்கு இந்தக் கெடு 45 நாளுக்குள் அடங்கிவிடும். பில்லும் சரக்கு ஏற்றதும் ஒரே நாள் என்ற கணக்கில் இது. அதற்கு முந்தைய சரக்குக்கெல்லாம் 45-ஆவது நாளே கெடு.

இங்கே எண்ணிக்கை பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கை ஏற்ற நாளிலிருந்து தொடங்குகிறது. பொதுவாக அது சரக்கு போய்ச் சேர்ந்த நாள். சேர்ந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் குறை சொல்லியிருந்தால், நீங்கள் அந்தக் குறையை நீக்கிய நாள்தான் ஏற்ற நாள். அதனால் கையெழுத்தும் தேதியும் உள்ள டெலிவரி சலானைப் பத்திரமாக வைத்திருங்கள். எழுத்தில் கெடுவே இல்லாவிட்டால் 45 நாள்கூடக் கிடையாது. 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மார்ச் 3-இல் ஏற்ற சரக்குக்கு மார்ச் 18 கடைசி நாள்.

கெடு தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தால்?

எழுதியதுதான் விதி, எழுதாவிட்டால் தேதி நகராது. 2026 ஜூலை பில்களின் கெடு ஆகஸ்ட் 30, அது ஞாயிறு. பலர் தாமாகவே திங்கள் 31-க்குத் தள்ளிவிடுகிறார்கள். காசோலை காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதலும் எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குவதால், வங்கி மூடியிருந்தது என்பது இப்போது வலுவான காரணம் அல்ல. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்காகச் சண்டை வேண்டாம் என்று நினைப்பது இயல்பே. "விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாள்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

சனிக்கிழமையைத் தனியாகப் பாருங்கள். வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனி மட்டுமே விடுமுறை. 2026 மே 30 சனிக்கிழமைதான், ஆனால் அந்த மாதத்தின் ஐந்தாவது சனி. வங்கி திறந்திருக்கும், கெடு நகராது.

ஹுண்டிக்கு மூன்று நாள் சலுகை உண்டே, எங்கள் பில்லுக்கும் உண்டா?

கிடையாது. அந்த மூன்று நாள் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் இருந்து வருகிறது. அது நாள் குறித்துப் பணம் கேட்கும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச், புரோநோட்டு போன்றவற்றுக்கு. நீங்கள் அனுப்பும் விற்பனை பில் அந்த வகை ஆவணம் அல்ல.

அந்தச் சட்டத்தில் மாதக் கடைசி பற்றி ஓர் அழகான விளக்கம் இருக்கிறது. 1878 ஜனவரி 29 தேதியிட்டு "ஒரு மாதம் கழித்து" என்று எழுதிய ஆவணம், பிப்ரவரி 28-க்கு மூன்றாம் நாள் முதிர்கிறது என்று 23-ஆம் பிரிவு எடுத்துக்காட்டுகிறது. அந்த மாதத்தில் அதே எண் இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி நாள் என்பதே விதி. விடுமுறை விஷயத்தில் மட்டும் அந்தச் சட்டம் எதிர்த் திசையில் போகிறது. முதிரும் நாள் பொது விடுமுறையானால் முந்தைய வேலை நாளே கெடு என்கிறது 25-ஆம் பிரிவு. ஒரே சரக்குக்குப் பில்லும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சும் வைத்திருப்பவர் இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாதக் கடைசி + 45, + 60 என்றால் மனக்கணக்கில் எப்படிப் பார்ப்பது?

அடுத்த மாதத்தின் நாள்களைக் கழித்துக்கொண்டே போங்கள். மார்ச் பில், 45 நாள்: ஏப்ரலின் 30 போக மீதி 15, ஆகவே மே 15. ஜூன் பில், 45 நாள்: ஜூலையின் 31 போக 14, ஆகவே ஆகஸ்ட் 14. ஜூன் பில், 60 நாள் என்றால் ஆகஸ்ட் 29. ஜனவரி பில்லுக்கு 60 நாள் கொஞ்சம் வியப்பாக வரும். பிப்ரவரி 28, மார்ச் 31 இரண்டும் சேர்த்து 59 தான். ஒரு நாள் மிஞ்சி, 2026-இல் ஏப்ரல் 1-இல் விழும். நிதியாண்டு மாறிவிடுவதால் மார்ச் கணக்கை முடிக்கும்போது இந்தப் பில்கள் நிலுவையில் நிற்கும்.

எக்செல்லில் எந்த ஃபார்முலா போடுவது?

A2-இல் பில் தேதி, B2-இல் சரக்கை ஏற்ற தேதி, H2:H30-இல் விடுமுறைப் பட்டியல் என்று வைத்துக்கொண்டால்:

```
=EOMONTH(A2,0)+30
=EOMONTH(A2+30,0)
=MIN(EOMONTH(A2,0)+30,B2+45)
=WORKDAY.INTL(C2-1,1,11,$H$2:$H$30)
```

முதல் வரி மாதக் கடைசி + 30 நாள். இரண்டாவது வரி 30 நாள் + மாதக் கடைசி. மூன்றாவது வரி, 45 நாள் உச்சவரம்பையும் ஒப்பிட்டு எது முந்தியோ அதை எடுக்கும். நான்காவது வரி, C2-இல் உள்ள கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்கு நகர்த்தும். அதில் 11 என்பது ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்று பொருள். வெறும் `WORKDAY` போட்டால் எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறையாகி, மே 30 தவறாக ஜூன் 1-க்குப் போய்விடும். இரண்டாவது, நான்காவது சனிகளை விடுமுறைப் பட்டியலில் தேதியாகச் சேர்த்துவிடுங்கள். விடை 46083 மாதிரி எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். செல்லின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

தவறாகப் போடுபவர்கள் பெரும்பாலும் `=EOMONTH(A2,1)` என்று எழுதுகிறார்கள். அது அடுத்த மாதக் கடைசியைத் தரும். ஜனவரியில் பிப்ரவரி 28 என்றும் ஏப்ரலில் மே 31 என்றும் காட்டும். மார்ச் பில்லுக்கு ஏப்ரல் 30 என்று சரியாகவே வருவதால், மார்ச்சில் சோதித்துப் பார்த்தவருக்குத் தவறு தெரியவே தெரியாது. ஃபார்முலாவைச் சோதிக்க ஜனவரி 31, பிப்ரவரி 28, ஏப்ரல் 30 ஆகிய மூன்று தேதிகளை உள்ளிடுங்கள். மார்ச் 2, மார்ச் 30, மே 30 என்று வர வேண்டும்.

வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலானால் தேதியே புரண்டிருக்கலாம். கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/03/2026 மே 3 ஆகிவிடும், 14/03/2026 தேதியாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால் அதுதான் அடையாளம். பிழை காட்டும் 14-ஆம் தேதியை எல்லாரும் திருத்திவிடுவார்கள். ஓசையில்லாமல் மே மாதத்துக்குப் போய்விட்ட 5-ஆம் தேதிக்கு ஏப்ரல் 30-க்குப் பதில் ஜூன் 30 என்று கெடு விழுந்து கிடக்கும். ஆகவே வலப்பக்கம் ஒட்டி நிற்கும் தேதிகளையும் அசல் பில்லோடு ஒப்பிட வேண்டும்.

டேலியில் கிரெடிட் நாள் 30 என்று போட்டேன். கெடு முந்தியே வந்துவிட்டதாகக் காட்டுகிறதே?

டேலி அந்த 30-ஐ பில் தேதியிலிருந்து எண்ணுகிறது, மாதக் கடைசிக்குப் போவதில்லை. ஜனவரி 12 பில்லுக்குப் பிப்ரவரி 11-இலேயே கெடு வந்துவிட்டதாகத் தெரியும். பில்வாரி விவரத்தில் அதே இடத்தில் நாளுக்குப் பதில் தேதியையும் கொடுக்கலாம். எக்செல்லில் கணக்கிட்ட கெடு தேதியை, அதாவது மார்ச் 2 என்று, அங்கே உள்ளிடுங்கள். 60 என்று குத்துமதிப்பாகப் போடாதீர்கள். அது 31 நாள் மாதத்தின் 1-ஆம் தேதி பில்லுக்குச் சரியாக இருக்கும், 20-ஆம் தேதி பில்லுக்கு 19 நாள் பிந்திக் காட்டும்.

நிலுவை அறிக்கையில் வயது பார்க்கும்போதும் கெடு தேதிப்படி என்ற தேர்வை எடுங்கள். பில் தேதிப்படி எடுத்தால், இன்னும் கெடு வராத பில்கள் 45 நாள் பழையவை என்று தெரியும். அதை நம்பி வாடிக்கையாளரிடம் கடுமையாகப் பேசிவிட்டால் பிறகு உண்மையிலேயே பிந்திய பில்லுக்குக் கேட்கும்போது குரல் எடுபடாது.

ஆர்டரில் எப்படி எழுதினால் தகராறு வராது?

எந்தத் தேதியிலிருந்து, எது முந்தி, விடுமுறையில் என்ன என்ற மூன்றுக்கும் விடை இருக்க வேண்டும். கூடவே ஜனவரி எடுத்துக்காட்டு ஒன்று. இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"பில் தேதி விழும் மாதத்தின் கடைசி நாளுக்குப் பின் 30 நாள்காட்டி நாள்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். மாதத்தின் கடைசி நாள் எண்ணிக்கையில் சேராது. முப்பதாவது நாள் சேரும். அந்த நாள் வங்கி விடுமுறையானால் அடுத்த வங்கி வேலை நாள். எடுத்துக்காட்டு: 2026 ஜனவரி 31 தேதியிட்ட பில்லுக்குக் கெடு 2026 மார்ச் 2."

குறு, சிறு நிறுவனமானால் இன்னொரு வரி: "எந்த நிலையிலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டாது."